வெள்ளை ஃபிரிட்ஜை வெட்டி எடுக்க: குயிக் செலக்‌ஷனா, பென்னா, செலக்ட் சப்ஜெக்டா?

ஃபோட்டோஷாப்பில் மூன்று வழிகளும் ஒரே வேலையைச் செய்வதுபோலத்தான் தெரியும். ஆனால் தலைமுடியை வெட்டும்போது மன்னிக்கப்படும் பிழை, ஃபிரிட்ஜின் விளிம்பில் மன்னிக்கப்படாது. முடியில் நாலு இழை விட்டுப்போனால் யாருக்கும் தெரியாது. நேர்க்கோடு இரண்டு பிக்சல் நெளிந்தாலே கண் அதைப் பிடித்துவிடும். இந்த அலசலுக்கு வேண்டுமென்றே கடினமான படத்தை எடுத்துக்கொள்வோம்: வெளிர்ச் சாம்பல் சுவருக்கு முன் நிற்கும் வெள்ளை ஃபிரிட்ஜ். ஸ்டீல் கைப்பிடி, வளைந்த மேல் மூலைகள், அடியில் இரண்டு கறுப்புக் கால்கள். படத்தின் உயரம் 4000 பிக்சல்.

முதலில் செலக்ட் சப்ஜெக்ட். Select > Subject என்று ஒரு சொடுக்கு, சில நொடிகளில் தேர்வு தயார், அதை மாஸ்க் ஆக்கிக்கொள்ளலாம். ஃபிரிட்ஜ் என்ற பொருளை அது சரியாகவே கண்டுபிடிக்கும். தடுமாறுவது விளிம்பில்தான். வெள்ளைப் பக்கம் சுவரோடு கலக்கும் இடத்தில் கோடு உள்ளே வெளியே அலையும், மேல் மூலைகள் இருப்பதைவிட அதிகம் மழுங்கும். அடியில், கறுப்புக் காலையும் தரையில் விழுந்த நிழலையும் ஒன்றாக அள்ளிக்கொள்ளும், இல்லாவிட்டால் இரண்டையும் விட்டுவிடும். இதைவிட ஏமாற்றுவது கைப்பிடி. பளபளக்கும் ஸ்டீலில் சுவரின் நிறமே தெரிவதால், அங்கே மாஸ்க் முழு வெள்ளையாக இல்லாமல் சாம்பலாகிவிடும். வெள்ளைப் பின்னணியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடியில் அடர் சிவப்பில் ஒரு சாலிட் கலர் லேயர் வைத்தால் கைப்பிடி வழியாகச் சிவப்பு கசியும். Layers பேனலில் Alt அழுத்தி மாஸ்க்கின் சிறுபடத்தைச் சொடுக்கினால் மாஸ்க் மட்டும் திரையில் வரும். பொருளின் நடுவில் எங்கே சாம்பல் தெரிகிறதோ, அங்கே ஓட்டை என்று கொள்ளலாம்.

குயிக் செலக்‌ஷன் நீங்கள் தேய்த்த இடத்தின் நிறத்தையும் டெக்ஸ்ச்சரையும் பார்த்து, அதுபோன்ற பகுதிக்குப் பரவி, வேறுபாடு தெரியும் இடத்தில் நிற்கும். கறுப்பு மைக்ரோவேவ் வெள்ளைச் சுவர் முன் நின்றால் அருமையாக நிற்கும். நம் ஃபிரிட்ஜில் நிற்க வேலியே இல்லை. பக்கவாட்டில் தேய்த்தவுடன் சுவருக்குள் வழிந்துவிடும். பிரஷ்ஷை [ விசையால் சிறிதாக்கி, Alt பிடித்துத் திரும்ப வெட்டலாம். ஆனால் ஒவ்வொரு திருத்தமும் விளிம்பில் புதுப் பல்வரிசையை உண்டாக்கும். பின்னர் Select and Mask-இல் Smooth ஏற்றினால் பல் போகும், கூடவே மூலையும் மழுங்கும். கட்டமான பொருளுக்கு Smooth ஏற்றுவது வெட்டியதைக் கெடுப்பதற்குச் சமம். இந்தக் கருவிக்கு நான் தரும் இடம் சின்னது: சோபாவின் துணி மெத்தை, பின்னால் தொங்கும் மின்கம்பி போன்ற, கோடு துல்லியமாக இல்லாவிட்டாலும் உறுத்தாத பகுதிகள்.

இனி பென்: புள்ளிகள் வைத்துப் பொருளைச் சுற்றிப் பாதை என்ற கோட்டை வரையும் கருவி. அதைத் தொடங்கும் முன் செய்யவேண்டிய ஒன்றைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அகலக் கோண லென்ஸில் எடுத்த படத்தில் ஃபிரிட்ஜின் பக்கக்கோடு நடுவில் லேசாக வெளியே பிதுங்கியிருக்கும். மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி வைத்து நேராக இழுத்தால், நடுவில் ஃபிரிட்ஜின் ஒரு சீவல் வெட்டுப்பட்டுப் போகும். ஆகவே முதலில் Camera Raw-வில் லென்ஸ் ப்ரொஃபைல் திருத்தத்தை முடியுங்கள். பாதை போட்ட பிறகு திருத்தினால் படம் நகரும், பாதை அங்கேயே நிற்கும்.

பென்னை எடுத்ததும் மேல்பட்டையில் Shape இல்லாமல் Path இருக்கிறதா என்று பாருங்கள். 200% ஜூமில் வேலை செய்தால் போதும். அதற்கு மேல் போனால் பிக்சல் கட்டங்கள்தான் தெரியும், கோடு தெரியாது. பாதையைச் சரியாக விளிம்பில் போடாமல் ஒரு பிக்சல் உள்ளே தள்ளிப் போடுங்கள். விளிம்பின் ஓரிரு பிக்சல்களில் பொருளின் நிறமும் சுவரின் நிறமும் கலந்தே இருக்கும். அவற்றையும் சேர்த்து வெட்டினால், வேறு பின்னணியில் வைக்கும்போது சாம்பல் கோடு ஒன்று ஒட்டிக்கொண்டே வரும்.

வளைந்த மூலைக்கு இரண்டே புள்ளி: வளைவு தொடங்கும் இடத்தில் ஒன்று, முடியும் இடத்தில் ஒன்று. மூலையின் உச்சியில் மூன்றாவது புள்ளி வைத்தால் அங்கே ஒரு முடிச்சு தெரியும். முதல் புள்ளியிலிருந்து நீண்டு வளைவைக் கட்டுப்படுத்தும் கைப்பிடியைப் பக்கக்கோட்டின் திசையிலேயே இழுக்கவேண்டும். நீளம் வளைவின் ஆரத்தில் பாதிக்குச் சற்று மேல், ஏறக்குறைய 55%. ஆரம் 60 பிக்சல் என்றால் 33. இரண்டாவது புள்ளிக்கும் அதே நீளம், மேல்விளிம்பின் திசையில். பிறகு Alt பிடித்து அந்தப் புள்ளியைச் சொடுக்கினால் முன்னோக்கிய கைப்பிடி போய்விடும், அடுத்த கோடு நேராக வரும். நேர் முன்னாலிருந்து எடுத்த ஃபிரிட்ஜுக்குக் கால்களையும் சேர்த்து 20 புள்ளியைச் சுற்றித்தான் ஆகும். 60 புள்ளி வந்திருந்தால், வளைவுகளைக் கைப்பிடியால் வளைக்காமல் புள்ளி குத்திக் குத்தி வளைத்திருக்கிறீர்கள் என்று பொருள்.

முடித்தவுடன் Paths பேனலில் Work Path-ஐ இருமுறை சொடுக்கிப் பெயரிட்டுச் சேமியுங்கள். சேமிக்காவிட்டால், அந்தப் பாதையின் தேர்வை நீக்கிவிட்டு வேறொரு பாதை தொடங்கும் கணமே பழையது அழிந்துவிடும். அதே பேனலின் மெனுவில் Make Selection, Feather Radius 0.5, Anti-aliased தேர்வு செய்து மாஸ்க் ஆக்குங்கள். Feather பூஜ்யமாக இருந்தால் கத்தரித்து ஒட்டியதுபோல் தெரியும். 1-க்கு மேல் போனால் விளிம்பு புகையும். தரை நிழலைப் பாதைக்குள் இழுக்காதீர்கள், அதைத் தனி லேயரில் வையுங்கள்.

‘செலக்ட் சப்ஜெக்ட் தந்த தேர்வையே Make Work Path கொடுத்துப் பாதையாக்கினால் என்ன?’ என்ற குறுக்குவழி எல்லோருக்கும் தோன்றும். அது நெளிவையும் சேர்த்தே பாதையாக்கும். Tolerance 0.5 என்றால் விளிம்பு முழுக்கப் புள்ளிகள் கொட்டும், 5 என்றால் மூலைகள் வீங்கும். திருத்துவதற்குப் புதிதாகப் போடுவதே மேல்.

பென் எப்போதும் வேண்டுமா என்றால், இறுதி அளவைப் பொறுத்தது. அதே 4000 பிக்சல் படம் 1000 பிக்சலாகச் சுருங்கி வலைப்பக்கத்துக்குப் போகிறது என்றால், இரண்டு பிக்சல் நெளிவு அரை பிக்சலாகிவிடும், யாருக்கும் தெரியாது. அங்கே செலக்ட் சப்ஜெக்ட் மாஸ்க்கை எடுத்து, நேர்க்கோடுகளை மட்டும் பிரஷ்ஷால் சீர்செய்தால் போதும். Hardness 100% உள்ள வட்ட பிரஷ்ஷில் கறுப்பை எடுத்து, பிரஷ் வட்டத்தின் ஓரம் ஃபிரிட்ஜின் விளிம்பைத் தொடுமாறு மேல் முனையில் ஒரு சொடுக்கு. பிறகு Shift பிடித்துக் கீழ் முனையில் ஒரு சொடுக்கு. இரண்டுக்கும் நடுவே சுத்தமான நேர்க்கோடு விழும். மாஸ்க் உள்ளே கடித்திருந்தால் அதையே வெள்ளை நிறத்தில் உட்பக்கமாகச் செய்யுங்கள். சாம்பலான ஸ்டீல் கைப்பிடிக்கும் வெள்ளை பிரஷ்தான் மருந்து.

அச்சுக்கோ ஜூம் செய்து பார்க்கும் பெரிய படத்துக்கோ போகிறதென்றால் பேச்சே இல்லை, பென்தான். சட்டங்கள் போட்ட நாற்காலி முதுகு போன்றவற்றிலும் அப்படியே: வெளிக்கோட்டை முடித்துவிட்டு, Exclude Overlapping Shapes தேர்ந்தெடுத்து ஒவ்வொரு இடைவெளியையும் உள்ளே தனிப் பாதையாக மூடினால் அவை ஓட்டையாகிவிடும். செலக்ட் சப்ஜெக்ட் அந்த இடைவெளிகளில் சிலவற்றை அடைத்துவிடும்.