பழைய முகப்புப் படங்கள்: மறைத்து வைப்பதா, நீக்கிவிடுவதா?

பேஸ்புக்கில் முகப்புப் படத்தை மாற்றும்போது பழைய படம் எங்கும் போய்விடுவதில்லை. அது Profile pictures என்னும் ஆல்பத்தில் சேர்கிறது. அட்டைப் படங்கள் அதேபோல Cover photos ஆல்பத்தில் சேர்கின்றன. இந்த இரண்டு ஆல்பங்களையும் நாம் உருவாக்கவில்லை, அவற்றை முழுவதுமாக நீக்கும் வசதியும் நமக்குத் தரப்படவில்லை. உள்ளே இருக்கும் படங்களை மட்டும் ஒவ்வொன்றாகக் கையாளலாம். கடந்த மாதம் என் ஆல்பங்களைத் திறந்து எண்ணியபோது 83 பழைய முகப்புப் படங்களும் 37 அட்டைப் படங்களும் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை நான் மறந்தே போனவை. ஆனால் என் பெயரைத் தேடி வரும் எவரும், இன்றைய படத்தைத் திறந்து பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போனால் அவற்றைப் பார்க்க முடிந்தது. ஒரு படம் முகப்பிலிருந்து இறங்கிவிட்டது என்பதற்காக அதன் பார்வையாளர் அமைப்பு தானாக மாறுவதில்லை. பொதுவில் வைக்கப்பட்டிருந்த படம் பொதுவிலேயே கிடக்கிறது.

இவற்றை என்ன செய்வது என்பதற்கு மூன்று வழிகளை எடைபோட்டேன். முதல் வழி, காலவரிசையில் தெரியும் "முகப்புப் படத்தை மாற்றினார்" என்னும் பதிவை Hide from profile கொடுத்து மறைப்பது. இதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பதிவு காலவரிசையிலிருந்து மறையும், படம் ஆல்பத்தில் அப்படியே இருக்கும். ஆல்பத்தைத் துப்புரவாக்க வந்தவருக்கு இது பயன்படாது.

மீதமுள்ள இரண்டுதான் உண்மையான போட்டியாளர்கள்: ஒவ்வொரு படத்தின் பார்வையாளரையும் Only me என்று மாற்றி நமக்கு மட்டும் தெரியும்படி வைத்துக்கொள்வது, அல்லது Delete photo கொடுத்து நீக்கிவிடுவது. நான் நீக்கும் பக்கம் சாய்ந்தேன்.

Only me வழிக்கு ஆதரவாகச் சொல்லப்படுவது, அது திரும்பப் பெறக்கூடியது என்பதே. அது உண்மை. நாளை மனம் மாறினால் படமும், அதன் கீழிருந்த கருத்துகளும், விருப்பக்குறிகளும் அப்படியே திரும்ப வரும். நீக்கினால் இவை மூன்றும் சேர்ந்தே போகின்றன. பதிவுகளைக் குப்பைத்தொட்டிக்கு அனுப்பினால் 30 நாள்களுக்குள் மீட்கலாம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, ஆல்பத்துக்குள்ளிருந்து நீக்கும் படத்துக்கும் அந்தச் சலுகை உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. நான் அப்படி எண்ணித்தான் முதல் அரை மணி நேரத்திலேயே ஒரு தவறு செய்தேன். இப்போது உயிருடன் இல்லாத என் பெரியப்பா "யாருப்பா இந்தப் பெரிய மனுஷன்" என்று கேட்டிருந்த படத்தை, நல்ல ஒளியில் எடுக்கப்படவில்லை என்ற ஒரே காரணத்துக்காக நீக்கினேன். படம் என் கணினியில் இருக்கிறது. அந்த வரி இல்லை. அதன் பிறகுதான், படத்தைப் பார்க்கும் முன் அதன் கீழே என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்கும் பழக்கத்துக்கு வந்தேன்.

அப்படியிருந்தும் நீக்குவதையே நான் பரிந்துரைக்கக் காரணம், வேலை முடிந்துவிட்டதா என்பதைச் சரிபார்க்கும் முறை. ஒப்பீட்டில் எனக்கு முடிவைத் தந்தது இந்த ஒன்றுதான்.

நாமே உருவாக்கும் ஆல்பத்துக்கு மொத்தமாக ஒரு பார்வையாளர் அமைப்பைக் கொடுக்கலாம். Profile pictures ஆல்பத்தில் அது இயலாது; அங்கே ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனி அமைப்பு. ஆகவே 83 படங்களை மறைக்க வேண்டுமானால் 83 முறை படத்தைத் திறந்து, மூன்று புள்ளிகளை அழுத்தி, பார்வையாளரை மாற்றிச் சேமிக்க வேண்டும். நீக்குவதற்கும் ஏறத்தாழ அதே எண்ணிக்கையில்தான் அழுத்த வேண்டும்: திறப்பது, மூன்று புள்ளிகள், Delete photo, உறுதிசெய்வது. மறைப்பது எளிய வழி என்ற எண்ணம் இங்கேயே தகர்ந்துவிடுகிறது.

உழைப்பு சமம் என்றால், அதன் பிறகு என்ன நடக்கிறது? மறைத்த படமும் மறைக்காத படமும் நம் ஆல்பத்தில் ஒரே மாதிரிச் சிறு கட்டங்களாகவே தெரிகின்றன. நடுவில் இரண்டு படங்களைத் தவறவிட்டிருந்தால், அவற்றைக் கண்டுபிடிக்க மறுபடியும் ஒவ்வொன்றாகத் திறந்து அதன் அமைப்பைப் பார்க்க வேண்டும். View as வசதி ஓரளவு உதவும். ஆனால் அது இப்போது காட்டுவது பொதுப் பார்வையை மட்டுமே. குறிப்பிட்ட ஒரு நண்பர் நம் பக்கத்தை எப்படிப் பார்ப்பார் என்று சோதிக்கும் வழி முன்பு அதில் இருந்தது. 2018 செப்டம்பரில் பாதுகாப்புக் குறைபாடு ஒன்றின் காரணமாக அந்த வசதி நிறுத்தப்பட்டு, அடுத்த ஆண்டு பொதுப் பார்வையுடன் மட்டும் திரும்பியது. ஆகவே தவறுதலாக Friends என்ற அமைப்பில் நின்றுவிட்ட படத்தை View as காட்டிக்கொடுக்காது. நீக்கும் வழியில் இந்தக் குழப்பமே எழுவதில்லை. தவறவிட்ட படம் ஆல்பத்தில் கண்முன் நிற்கும். ஆல்பம் காலியாக இருந்தால் வேலை முடிந்தது என்று பொருள். நாம் பார்ப்பதைவிடக் கூடுதலாகப் பிறர் எதையும் அந்த ஆல்பத்தில் பார்க்க முடியாது. வருடத்துக்கு ஒரு முறை மறைத்த படங்களின் அமைப்பைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும் பொறுமை எனக்கு இல்லை. பெரும்பாலோருக்கும் இருக்காது என்றே நினைக்கிறேன்.

நீக்குவதை நாலாபுறமும் கைவீசிச் செய்யக் கூடாது என்பதால், நான் செய்த முறையைச் சொல்கிறேன். முதலில் என் தரவுகளைத் தரவிறக்கும் பகுதிக்குச் சென்று, படங்களின் தரத்தை உயர்ந்ததாகத் தேர்ந்து, கோப்பு வகையை HTML என்று வைத்துக் கோரிக்கை கொடுத்தேன். இந்தக் கோப்பு வகை நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியம். JSON வகையைத் தேர்ந்தால், படத்தின் விளக்கமாக நாம் தமிழில் எழுதிய வரிகள் படிக்க முடியாத குறியீடுகளாக வரும்; "அ" என்ற ஒரே எழுத்து அங்கே இவ்வாறு இருக்கும்:

```
\u00e0\u00ae\u0085
```

ஓர் எழுத்தின் மூன்று பைட்டுகளை மூன்று தனி எழுத்துகளாகப் பிரித்து எழுதிவிடுவதால் இப்படி ஆகிறது. நிரல் எழுதத் தெரிந்தவர்கள் அதை மீட்டுவிடலாம். மற்றவர்களுக்கு HTML கோப்பே நல்லது. உலாவியில் திறந்தால் தமிழ் தமிழாகவே தெரியும். கோப்பு வந்ததும் நீக்கத் தொடங்கிவிடாமல், அதைப் பிரித்து நான்கைந்து படங்களையாவது திறந்து பார்க்க வேண்டும். மதிப்புள்ள கருத்துகளைப் பொறுத்தவரை நான் தரவிறக்கத்தை மட்டும் நம்பவில்லை. அந்தப் பக்கங்களைத் திரைப்பிடிப்பாக எடுத்து, படத்தோடு ஒரே கோப்புறையில் வைத்துவிட்டேன்.

அடுத்தது, எதிலிருந்து தொடங்குவது என்பது. என் 83 படங்களில் 29 படங்கள் வெறும் நகல்கள். ஏதோ ஒரு சட்டகத்தை முகப்புப் படத்தின் மேல் பொருத்தும்போதெல்லாம் சட்டகத்துடன் புதிய படம் ஒன்று ஆல்பத்தில் சேர்கிறது. ஒரு வாரத்துக்கு என்று தற்காலிகமாக வைத்த படமும், காலம் முடிந்து பழைய படம் திரும்பிய பிறகு, ஆல்பத்தில் தங்கிவிடுகிறது. என் நகல்களின் கீழ் உரையாடல் எதுவும் இருக்கவில்லை. அது மூலப்படத்தின் கீழ் பத்திரமாக இருந்தது. ஆகவே நகல்களை முதலில் நீக்கினால் இழப்பதற்கு ஒன்றுமில்லை, கையும் பழகும். அதன் பின் விருப்பக்குறிகளும் ஓரிரு சொல் பாராட்டுகளும் மட்டுமே இருந்த 41 படங்களை நீக்கினேன். எஞ்சிய 13 படங்களில்தான் படித்துப் பார்க்கும்படியான உரையாடல் இருந்தது. அவற்றில் நான்கைத் திரைப்பிடிப்புக்குப் பின் நீக்கிவிட்டு, ஒன்பதை Only me என்று மாற்றி வைத்திருக்கிறேன். ஒன்பது படங்களின் அமைப்பைக் கண்காணிப்பது கடினமல்ல. Only me வழிக்கு உரிய இடம் இத்தகைய சிறு எண்ணிக்கைதான் என்பது என் கருத்து.

இரண்டு இடங்களில் கவனம் தேவை. வேறொரு ஆல்பத்தில் இருந்த படத்தை வெட்டி முகப்புப் படமாக வைத்திருந்தால், இங்கே நீக்குவது வெட்டிய நகலை மட்டுமே. முழுப் படம் அதன் பழைய இடத்தில் இருக்கிறதா என்று அங்கேயும் போய்ப் பார்க்க வேண்டும். இரண்டாவது, இன்று பயன்பாட்டில் இருக்கும் படத்தை விட்டுவிட்டுப் பழையதிலிருந்து மேல்நோக்கி வர வேண்டும். மேலும், ஒரே மூச்சில் நூறு படங்களை நீக்குவதும், அதற்கென்று கிடைக்கும் உலாவி நீட்சிகளைப் பயன்படுத்துவதும் கணக்கைத் தற்காலிகமாக முடக்கும் வாய்ப்பைத் தருகின்றன. நாளுக்கு இருபது படங்கள் என்று நான் பிரித்துக்கொண்டேன். அந்த வேகத்தில் எனக்குச் சிக்கல் எதுவும் வரவில்லை. ஆயிரக்கணக்கான படங்கள் உள்ள கணக்குகளில் இது எப்படி இருக்கும் என்பதை என் அனுபவத்தை வைத்துச் சொல்ல இயலாது.

அட்டைப் படங்களில் எனக்கு அதிகத் தயக்கம் இருக்கவில்லை. 2011-இல் காலவரிசை அமைப்பு அறிமுகமானபோது வந்தவை அவை. நடப்பில் உள்ள அட்டைப் படம் எப்போதும் பொதுவில்தான் இருக்கும், அதை மறைக்க முடியாது. அகன்ற சட்டத்துக்கு ஏற்றவை என்பதால் நான் வைத்தவற்றில் பல குடும்பமாக நின்று எடுத்த படங்கள். அக்காவின் பிள்ளைகள் பள்ளிச் சீருடையில் நிற்கும் ஒரு படம், அவர்களுடைய சீருடைப் பட்டையில் பள்ளியின் பெயர் படிக்கும்படியாக, பல ஆண்டுகளாகப் பொதுவில் இருந்திருக்கிறது. என் முகத்தைப் பற்றி நான் முடிவெடுக்கலாம். அவர்களுடைய முகத்தைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை எனக்கு இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. நடப்புப் படம் ஒன்றைத் தவிர 36 அட்டைப் படங்களையும் நீக்கிவிட்டேன். ஒன்றைக்கூட Only me ஆக்கவில்லை.

நீக்கிய பிறகும் நிறுவனத்தின் கணினிகளிலிருந்து படம் முற்றாக அகல 90 நாள்கள் வரை ஆகலாம். பிறர் ஏற்கெனவே சேமித்துக்கொண்ட நகல்களை எந்த வழியாலும் தொட முடியாது. கூகுள் படத் தேடலில் பழைய முகப்புப் படத்தின் சிறு உருவம் தொடர்ந்து தெரிந்தால், கூகுளின் Refresh Outdated Content பக்கத்தில் அந்த முடிவின் முகவரியைக் கொடுத்து நீக்கக் கோரலாம். மூலப் பக்கத்தில் படம் இல்லாமல் போயிருந்தால்தான் இந்தக் கோரிக்கை செல்லும் என்பதால், முதலில் ஆல்பத்தில் நீக்கிவிட்டுப் பிறகே இதைச் செய்ய வேண்டும்.