பாதி லாபத்தில் விலகும் விதி: ஓராண்டுக்குப் பிறகு

ஒரு ஆப்ஷனை விற்று, அதைவிட மலிவான இன்னொன்றை வாங்கி, வித்தியாசத்தைப் பிரீமியமாகப் பெறுவதே கிரெடிட் ஸ்ப்ரெட். அதை விற்கத் தொடங்கியிருக்கும் நண்பர் ஒருவர், நான் வர்த்தகம் செய்யும் செயலியில் பாதி லாபம் வந்ததும் தானாக முடித்துக்கொள்ளும் வசதியை நம்பலாமா என்று சென்ற வாரம் கேட்டார். ஓராண்டுக்கு மேலாக அதைப் பயன்படுத்தி வரும் எனக்கே அவருக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

லாபப் பக்கத்தில் எனக்குக் குறையில்லை. எக்ஸ்பைரிக்கு 45 நாள் இருக்கும்போது, 100 ஸ்ட்ரைக் புட்டை விற்று 95 ஸ்ட்ரைக் புட்டை வாங்கினேன். கைக்கு வந்த பிரீமியம் 1.20. அதிகபட்ச லாபமே அவ்வளவுதான் என்பதால், பாதியில் விலகுவது என்றால் ஸ்ப்ரெட்டை 0.60க்குத் திரும்ப வாங்குவது. அதை, நாம் ரத்து செய்யும் வரை நிலுவையில் இருக்கும் லிமிட் ஆர்டராக அன்றே போட்டுவிடுவேன். திரையில் நடுவிலை 0.60ஐத் தொட்டிருந்தாலும் விற்பவர் கேட்கும் விலையான ஆஸ்க் 0.68இல் நின்றால் ஆர்டர் பெரும்பாலும் நிறைவேறாமல் கிடக்கும்; ஆனால் 0.60க்கு மேல் கொடுத்து ஒருபோதும் வாங்காது. இப்படி முடிந்த பல ஸ்ப்ரெட்டுகளை, நான் வேறு வேலையில் இருந்தபோது வந்த அலர்ட்டைப் பார்த்துத்தான் அறிந்தேன்.

என் கோபமெல்லாம் நட்டப் பக்கத்தின் மீதுதான். இதே ஸ்ப்ரெட்டின் விலை இரட்டிப்பாகி 2.40ஐத் தொட்டால் மார்க்கெட் ஆர்டரில் முடித்துவிடு என்று விதி எழுதியிருந்தேன். அந்த விதி பார்ப்பது வர்த்தகமான விலையை அல்ல, வாங்குபவர் தரத் தயாராக இருக்கும் பிட்டுக்கும் ஆஸ்க்குக்கும் நடுவிலுள்ள விலையை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. ஒருநாள் சந்தை திறந்த முதல் நிமிடத்தில் பிட் 1.00, ஆஸ்க் 4.20 என்று அகன்று கிடந்தன; நடுவிலை 2.60 ஆனது, விதி பாய்ந்தது, 3.90க்கு வாங்கி முடித்தது. 1.20 நட்டத்தோடு நிற்கவேண்டியது 2.70 ஆகிவிட்டது. முக்கால் மணி நேரத்தில் அதே ஸ்ப்ரெட் 1.30 அருகில் சாதுவாக நின்றதைப் பார்த்தபோது வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

விதி சொன்னதைத்தான் செய்தது, அதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் முதல் 15 நிமிடம் விழித்துக்கொள்ளாதே என்றோ, நிபந்தனை சில நிமிடம் தொடர்ந்து நின்றால் மட்டும் செயல்படு என்றோ சொல்ல அந்தச் செயலியில் இடமே இல்லை. இப்போது நட்டப் பக்கத்தில் ஆர்டர் வைப்பதில்லை. பங்கின் விலை 101க்குக் கீழே போனால் அலர்ட் மட்டும் வரும், பிட் ஆஸ்க் இடைவெளியைப் பார்த்து லிமிட் விலையை நானே இடுவேன். திரையருகே இல்லாத நாளில் இதில் ஆபத்து உண்டு; ஸ்ப்ரெட்டின் நட்டம் 3.80ஐத் தாண்டாது என்பதால் அந்தத் தொகையைத் தாங்கும் அளவுக்கு மட்டுமே லாட் எடுக்கிறேன். கையால் முடித்த நாளில் பழைய 0.60 ஆர்டரையும் ரத்து செய்ய வேண்டும், மறந்தால் அது பின்னொரு நாளில் எதிர்த்திசையில் புதிய ஸ்ப்ரெட்டைத் திறந்துவிடலாம்.

நண்பரிடம் லாபப் பக்கத்தை மட்டும் தாராளமாக ஒப்படைக்கச் சொன்னேன். செயலிக்கு மதிப்பெண் கேட்டார், ஐந்துக்கு இரண்டு கொடுத்தேன். இன்று காலையிலும் அதில்தான் இரண்டு ஆர்டர் போட்டேன்.