ஆடு 6 மாசத்துல விக்கலாமா, 10 மாசமா, பக்ரீத் வரைக்கும் வச்சிருக்கலாமா

செங்குன்றம் தாண்டி ஒரு சின்ன கொட்டில்ல நானும் மச்சானும் பத்து தலச்சேரி கிடா வளர்த்தோம். 6 மாசத்துல சராசரியா 15 கிலோ வந்தப்ப வில்லங்கம் ஆரம்பிச்சுது. ஏரியா கறிக்கடை பாய் இப்பவே குடுன்றார், மச்சான் என்னடான்னா "மாப்ள, பக்ரீத்துக்கு விட்டா தூக்கிடலாம்"ன்றான். நான் ஆளுக்கு நடுவுல 10 மாசம்னு நின்னேன், சரி கணக்கு போட்டு பார்த்துடலாம்னு உக்காந்தோம்.

மூணுலயும் உயிர் எடைக்கு கிலோ 400 ரூபாய்னு வச்சுக்குங்க, எங்களுக்கு அப்ப கேட்ட ரேட் அதுதான். 6 மாசத்துல குடுத்தா ஒரு ஆடு 6000. 10 மாசம் விட்டா 23 கிலோ ஆகுது, 9200. 3200 கூடுதல்னு சந்தோஷப்படாதீங்க, அந்த நாலு மாசத்துக்கு ஒரு ஆட்டுக்கு அடர்தீவனம் 30 கிலோ, பசுந்தீவனம் 360 கிலோ, மருந்து மாயம்னு எங்களுக்கு 2220 ரூபாய் போச்சு, ஆக கையில நிக்கறது 980தான். அப்படியும் லாபம். அடுத்த நாலு மாசம்தான் பிரச்சனை, ஆடு தின்றது கூடுது, எடை ஏறுறது குறையுது. 14 மாசத்துல 29 கிலோ வரும்னு போட்டோம், அதாவது 6 கிலோ ஏத்தம் 2400 ரூபாய், செலவு 2800. ஆட்டுக்கு 400 நட்டம்.

இதுல நான் கத்துக்கிட்ட விஷயம், வயசை பாக்காம தினசரி எடை ஏத்தத்தை பாக்கணும். 6லருந்து 10 மாசம் வரைக்கும் ரெண்டாவது கட்டம்னு வச்சா ஒரு நாள் செலவு 18.50, அதை 400ஆல வகுத்தா தினம் 46 கிராம் ஏறணும், எங்க ஆடு ஏறுனது 67 கிராம், அதனால வச்சது சரி. 10 மாசத்துக்கு மேல மூணாவது கட்டத்துல நாள் செலவு 23 ரூபாய் சொச்சம், அதுக்கு 58 கிராம் ஏறணும், எங்க கணக்குல ஏறுறது 50தான். அதனால இப்ப 15 நாளைக்கு ஒருக்கா காலையில தீனி போடறதுக்கு முன்னாடி தொங்கு தராசுல எடை போடறோம், 15 நாள்ல 900 கிராம் கூட ஏறலன்னா அந்த கிடா கிளம்ப வேண்டியதுதான். ஒரு தடவை எடை குறைஞ்சா பதறாதீங்க, குடற்புழுவா கழிச்சலான்னு பாத்து மருந்து குடுத்து அடுத்த எடையில முடிவு பண்ணுங்க.

அடுத்தது வெட்டு சதவீதம். தலை, கால், தோல், குடல் எல்லாம் போக தொங்கற கறி எடையை உயிர் எடையால வகுத்து நூறால பெருக்கணும், அவ்ளோதான். எங்க கணக்குல 15 கிலோ ஆட்டுல 6.6 கிலோ கறி, 44 சதவீதம். 23 கிலோவுல 10.8, அது 47. 29 கிலோவுல 14.2, அது 49. தலை, கால், குடல், ஈரல் வித்து வர்ற காசை கழிச்சா பாய்க்கு கறி கிலோ அடக்கம் சின்ன ஆட்டுல 800 பக்கம், 23 கிலோ ஆட்டுல 770 பக்கம். அப்ப பெருசுக்கு அவரு உயிர் எடையில கொஞ்சம் கூட குடுக்கலாம், அதை கேட்டு வாங்கறது நம்ம வாய் சாமர்த்தியம். ஆனா ரொம்ப முத்துனதுன்னா கறி இளசா இல்லன்னு அவரோட கஸ்டமர் முகம் சுளிப்பாங்க, அதையும் அவர் சொல்லிக்காட்டுவார்.

இங்க ஒரு ஏமாத்து இருக்கு, ரெண்டு பக்கமும் பண்றதுதான். எங்க ஒரு கிடா வயிறு நிறைய தழையோட 24.2 கிலோ, ராத்திரி முழுக்க தீனி இல்லாம தண்ணி மட்டும் வச்சு காலையில போட்டா 23. அதே 10.8 கிலோ கறிதான், ஆனா நிறைஞ்ச வயிறுல கணக்கு போட்டா 44.6 சதவீதம்னு வரும், பட்டினி எடையில 47. வியாபாரி "பாதிக்கு பாதி நிக்கும்"னா தலை, கால், ஈரலையும் சேர்த்து சொல்றாரான்னு கேளுங்க. எடையை எப்ப போடறதுன்னு விலை பேசறதுக்கு முன்னாடியே பேசிடுங்க, 1.2 கிலோன்றது ஆட்டுக்கு 480 ரூபாய்.

மச்சானோட பக்ரீத் வாதத்தையும் தட்டிட முடியாது. குர்பானிக்கு ஆடு ஒரு வருஷம் நிறைஞ்சிருக்கணும், வாங்க வர்றவங்க வாயை பிரிச்சு ரெண்டு பல்லு விழுந்து முளைச்சிருக்கான்னு பார்ப்பாங்க, காது கொம்புல குறை இருந்தா ஒதுக்கிடுவாங்க. 23 கிலோவுல வித்தா 9200, மேல செலவு 2800, ஆக 12,000க்கு மேல வந்தாதான் காத்திருந்ததுக்கு அர்த்தம். 29 கிலோவுக்கு கிலோ 450 கிடைச்சா 13,050, ஆட்டுக்கு 1050 நிக்கும், பத்துக்கு 10,500. ஆனா நடுவுல ஒரு ஆடு செத்தா 12,000 பக்கம் போச்சு, மீதி ஒம்போதோட லாபம் மொத்தமும் அதுலயே போயிடும். பக்ரீத் வேற வருஷத்துக்கு சுமார் 11 நாள் முன்னாடி வந்துக்கிட்டே இருக்கும், போன வருஷ கணக்குல குட்டி எடுத்தா வயசு பத்தாம போயிடும்.

கடைசியில ஏழு கிடாவை 10 மாசத்துலயே பாய்க்கு குடுத்தோம், நல்லா ஏறிக்கிட்டிருந்த மூணை மட்டும் மச்சான் பிடிவாதத்துக்காக விட்டு வச்சிருக்கோம், அதுல ஒண்ணு நேத்து எடை போட்டப்ப 15 நாள்ல 700 கிராம்தான், மச்சான் தராசு பழசுன்றான்.