மதகுக்குக் கிழக்கே குடிக்காதீர்கள்: எங்கள் வீதியின் 42 வீடுகள் எழுதிய கடிதம்

கிளிநொச்சி மாவட்டத்தில், வயல் வாய்க்கால் ஒன்றைக் குறுக்கே கடந்து செல்லும் மண்வீதி எங்களுடையது. குழாய்க் குடிநீர் திங்கள், புதன், வெள்ளி அதிகாலை ஐந்தரை முதல் ஏழு மணி வரை வரும். மாதாமாதம் கட்டணமும் தவறாமல் செலுத்துகிறோம். 2024 நவம்பர் இறுதி வெள்ளத்துக்குப் பிறகு இந்தத் தண்ணீரால் 19 பேர் நோயுற்றோம். இதே வழங்குநரிடம் தண்ணீர் பெறும் மற்ற வீதிக்காரருக்காக இதை எழுதுகிறேன்.

வெள்ளத்தில் பம்பி நின்று, டிசம்பர் 2 திங்கட்கிழமைதான் மீண்டும் தண்ணீர் வந்தது. முதல் கால்மணி நேரம் கலங்கலாக வந்து பிறகு தெளிந்தது. தெளிந்துவிட்டதே என்று குடங்களை நிரப்பினோம். 3ஆம் திகதி இரவு முன்பள்ளிக்குப் போகும் ஒரு பிள்ளைக்கு வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கின. 5ஆம் திகதி ஏழு பேர். 7ஆம், 8ஆம் திகதிகளில் மேலும் பதினொரு பேர். நான்கு பேரை வைத்தியசாலையில் அனுமதித்தார்கள். பக்கத்து வீட்டு அம்மம்மா மூன்று நாள் சேலைனில் கிடந்தார்.

6ஆம் திகதி வழங்குநரின் ஆள் ஒருவர் வந்தார். பேனா அளவிலான ஒரு மீற்றரை எங்கள் குவளைக்குள் விட்டார். திரையில் 410 என்று விழுந்தது. "பாருங்கள் அக்கா, 500க்குக் கீழே. தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. உங்கள் வீட்டுத் தாங்கிகளைக் கழுவுங்கள்" என்றார். அந்தக் கருவி தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைத்தான் காட்டும். கிருமியை அது அறியாது. மலம் கலந்த தண்ணீரிலும் 410 காட்டும். அந்த எண்ணைக் காட்டி யாரும் உங்களிடம் வந்தால் நம்பிவிடாதீர்கள்.

கூடவே ஓர் ஆய்வறிக்கையின் பிரதியையும் நீட்டினார். கிருமி இல்லை என்று அதில் இருந்தது உண்மைதான். ஆனால் மாதிரி எடுத்த திகதி நவம்பர் 11, வெள்ளத்துக்கு இரண்டு கிழமை முன்பு. எடுத்த இடம் நீர்த்தாங்கியின் வாய். எங்கள் குழாய்க்கும் அந்தத் தாங்கிக்கும் இடையில் இரண்டு கிலோமீற்றர். நோயாளிகள் படுத்திருக்கும் வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டு அந்தத் தாளைக் காட்டியதை என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

அன்று மாலை மச்சாளும் நானும் கொப்பியோடு வீடுவீடாகப் போனோம். யாருக்கு, எந்தத் திகதி, எத்தனை மணிக்குத் தொடங்கியது, எந்தத் தண்ணீர் குடித்தார்கள், கொதிக்க வைத்தார்களா என்று கேட்டு எழுதினோம். 8ஆம் திகதி இரவு பெயர்களை வீதி வரைபடத்தில் குறித்தபோது மச்சாள்தான் கண்டுபிடித்தார்: "மதகுக்கு மேற்கே ஒருவரும் இல்லையே." மேற்கே 17 வீடுகளில் ஒரே ஒருவர், அவரும் 4ஆம் திகதி கிழக்கே தமக்கை வீட்டில் மதியம் சாப்பிட்டவர். கிழக்கே 25 வீடுகளில் பதினெட்டுப் பேர். தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. தாங்கி அழுக்கென்றால் இரண்டு பக்கமும் விழுந்திருக்க வேண்டும்.

மறுநாள் விடியுமுன், தண்ணீர் வராத நேரத்தில், மதகுக்குக் கிழக்கே முதல் வீட்டின் குழாயைத் திறந்து வாயில் உள்ளங்கையை வைத்தேன். சீறலோடு தோலை உள்ளே இழுத்தது. பம்பி நின்றதும் தாழ்வான வீடுகளின் வழியே குழாய் காலியாகிறது. காலியாகும்போது எங்கே வெடிப்பு உண்டோ அங்கே வெளியிலிருப்பதை உறிஞ்சிக்கொள்கிறது. மதகடியில் எங்கள் குழாய் வாய்க்கால் தண்ணீருக்குள்ளேயே கிடக்கிறது. பத்தடி தள்ளி ஒரு மலசலகூடக் குழி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

அதற்கு முன்பே ஒரு பிழை விட்டிருந்தோம். சோடாப் போத்தலில் தண்ணீர் பிடித்து ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனோம், வாங்க மறுத்துவிட்டார்கள். கிருமிநீக்கிய போத்தல் வேண்டும். தண்ணீரில் உள்ள குளோரின் வழியில் கிருமியைக் கொன்றுவிடாதபடி அதற்குள் சோடியம் தயோசல்பேற்று இட்டிருக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே சேர்க்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போனோம். 9ஆம் திகதி அதிகாலை அவரே வந்தார். வீட்டுத் தாங்கிக்குப் போகும் முன்னே, நேர் குழாயில்தான் மாதிரி எடுத்தார். தாங்கியில் எடுத்திருந்தால் பழி எங்கள் மேல் திரும்பியிருக்கும்.

12ஆம் திகதி முடிவு கிடைத்தது. 13ஆம் திகதி 42 வீட்டாரும் கையெழுத்திட்டுக் கடிதம் கொடுத்தோம். அதன் முக்கிய பகுதி இது:

"மதிப்பிற்குரிய ஐயா, டிசம்பர் 2, 4, 6ஆம் திகதிகளில் தாங்கள் வழங்கிய நீரைத் தொடர்ந்து 3, 5, 7, 8ஆம் திகதிகளில் எமது வீதியில் 19 பேர் நோயுற்றனர். வீட்டு இலக்கம், வயது, நோய் தொடங்கிய நேரம், சிகிச்சை பெற்ற இடம் ஆகியவற்றை இணைத்துள்ளோம். 9ஆம் திகதி எடுத்த மாதிரிகளில் தாங்கி வாயில் எஞ்சிய குளோரின் லீற்றருக்கு 0.3 மில்லிகிராம், மலக்கிருமியான இ.கோலை இல்லை. மதகுக்கு மேற்கே 0.2, இ.கோலை இல்லை. மதகுக்குக் கிழக்கே குளோரின் பூச்சியம், 100 மில்லிலீற்றரில் இ.கோலை 38. இலங்கைக் குடிநீர்த் தரம் 614இன்படி 100 மில்லிலீற்றரில் ஒன்றுகூட இருக்கலாகாது. மதகடிக் குழாயை மாற்றி, வாய்க்கால் நீர்மட்டத்துக்கு மேலே உயர்த்திப் போடவும். அதுவரை பவுசரில் குடிநீர் வழங்கவும். எமது குழாயிலேயே மறுமாதிரி எடுத்து அறிக்கையை எழுத்தில் தரவும்."

குளோரின் பூச்சியமானதே ஒரு சாட்சி. மதகு வரை 0.2 இருந்தது அதைத் தாண்டியதும் இல்லாமற்போனதென்றால், உள்ளே நுழைந்த அழுக்கு அதைத் தின்றுவிட்டது என்று பொருள். பிரதிகளைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் பிரதேச சபைக்கும் கிராம அலுவலருக்கும் கொடுத்து, எங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொண்டோம். வாங்கியிராவிட்டால் கடிதமே வரவில்லை என்றிருப்பார்கள். வாய்முறைப்பாட்டுக்கு அதுதான் நடந்தது.

17ஆம் திகதி தோண்டினார்கள். இணைப்பில் விரல் நுழையும் வெடிப்பு. குழாயை மாற்றவில்லை. பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுற்றி, கம்பியால் கட்டி, மண்ணை மூடிவிட்டுப் போனார்கள். பவுசர் ஒருநாளும் வரவில்லை. 23ஆம் திகதி மறுமாதிரி எடுத்தோம்: அதே குழாயில் இ.கோலை 5. "நன்றாகக் குறைந்துவிட்டதே" என்று தொலைபேசியில் சொன்னார்கள். டிசம்பர் மாதத்துக்கு முழுக் கட்டணமும் கேட்டுப் பட்டியல் வந்திருக்கிறது.

இரண்டாவது கடிதம் ஜனவரி 2இல் கொடுத்தோம், இம்முறை ரியூப் சுற்றிய இணைப்பின் புகைப்படத்தோடு. மதகுக்குக் கிழக்கே இருப்பவர்களும், இந்தக் குழாயின் தொடர்ச்சியில் உள்ள அடுத்த இரண்டு ஒழுங்கைக்காரரும் கொதித்தாறிய நீரை மட்டும் குடியுங்கள். குமிழி விட்டுப் பொங்கும் வரை கொதிக்க வேண்டும், சூடேறினால் போதாது. பல் துலக்கவும் பிள்ளைகளுக்கு மா கரைக்கவும் அதே நீர்தான். தண்ணீர் திறந்த முதல் கால்மணி நேரத்து நீரைப் பாத்திரத்தில் பிடிக்காமல் விட்டுவிடுங்கள். வாய்க்காலில் உறிஞ்சியது அதில்தான் முதலில் வரும். உங்கள் வீட்டில் யாருக்காவது வயிற்றோட்டம் வந்தால் திகதியையும் நேரத்தையும் எழுதி மச்சாளிடம் கொடுங்கள். கொப்பி அவரிடம்தான் இருக்கிறது.