தவறான பொருள் போய்ச் சேர்ந்தால்: கேள்வியில் தொடங்கும் பதிலா, தீர்வில் தொடங்கும் பதிலா?

கோத்தகிரியிலோ குன்னூரிலோ இருந்துகொண்டு தேயிலையும் சால்வையும் இணையவழி விற்கும் ஒரு சிறு கடைக்கு வரும் புகார்களில், "நான் கேட்டது வேறு, வந்தது வேறு" என்பதற்குத்தான் பதில் வாசகத்தை மிகக் கவனமாக எழுதி வைக்க வேண்டும். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் "/" குறியைத் தட்டினால் வந்து நிற்கும் விரைவுப் பதில்களில், இந்தப் புகாருக்கென இரண்டு வகை வாசகங்கள் புழக்கத்தில் உள்ளன.

மதுரையில் ஒருவர் 450 ரூபாய்க்கு அரைக் கிலோ ஆர்த்தடாக்ஸ் இலைத் தேயிலை கேட்டிருக்க, அவருக்கு 200 ரூபாய் மதிப்புள்ள சி.டி.சி. தூள் போய்ச் சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். முதல் வகைப் பதில் இப்படி இருக்கும்: "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம். ஆர்டர் எண், பொருளின் படம், பார்சலைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ ஆகியவற்றை அனுப்புங்கள். பரிசீலித்துத் தெரிவிக்கிறோம்." எதையும் நிரப்பாமல் நொடியில் அனுப்பிவிடலாம் என்பது இதன் வசதி. ஆனால் ஆர்டர் எண்ணைக் கேட்பது பெரும்பாலும் தேவையற்றது. வாடிக்கையாளர் எந்தக் கைபேசி எண்ணிலிருந்து எழுதுகிறாரோ அதே எண்ணைக் கொண்டு ஆர்டரைத் தேடி எடுத்துவிடலாம். வீடியோவைக் கட்டாயமாக்குவது அதைவிடத் தவறானது. விளம்பரப்படுத்திய தன்மையில் இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020 ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்லும்போது, வீடியோ எடுக்காத வாடிக்கையாளரை வெறுங்கையோடு அனுப்ப எந்த நியாயமும் இல்லை.

இரண்டாவது வகை, தீர்வை முதலில் சொல்கிறது: "வணக்கம். நீங்கள் கேட்டது [பொருள், எடை]. வேறு பொருள் வந்திருந்தால் தவறு எங்களுடையது. சரியான பாக்கெட்டை [நாள்] அன்று எங்கள் செலவில் அனுப்புகிறோம். வந்ததைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. பாக்கெட்டின் லேபிளும் பார்சலின் விலாசச் சீட்டும் ஒன்றாகத் தெரியும்படி ஒரு படம் மட்டும் அனுப்புங்கள்." இதை அனுப்புவதற்கு முன் ஆர்டர் பதிவைத் திறந்து பார்த்து இரண்டு இடங்களை நிரப்பியாக வேண்டும், அந்த ஒரு நிமிட வேலைதான் இதன் விலை. பிரித்த உணவுப் பொருளை மறுபடியும் விற்க முடியாது என்பதால், 200 ரூபாய்த் தூளைத் திரும்பக் கொண்டுவரக் கூரியருக்குச் செலவழிப்பது வீண்.

அந்த ஒரே படம் ஏன் முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டும். விலாசச் சீட்டில் மதுரைக்காரரின் பெயரே இருந்து, உள்ளே மட்டும் தூள் இருந்தால், அலமாரியிலிருந்து பாக்கெட்டை எடுத்தபோது நேர்ந்த தவறு என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஆனால் அதே நாளில் வேறு யாரோ அதே எடைத் தூளைக் கேட்டிருந்தால், இரண்டு பெட்டிகளின் சீட்டுகள் மாறி ஒட்டப்பட்டிருக்கக்கூடும். அப்போது இவருடைய இலைத் தேயிலை அந்த இன்னொருவர் வீட்டில் இருக்கும். அன்று அனுப்பிய பட்டியலைப் பார்த்து, அவர் புகார் சொல்லும் முன்பே அவருக்கும் எழுதிவிட முடியும். முதல் வகைப் பதில் கேட்கும் "பொருளின் படம்" இதைக் காட்டாது, ஏனெனில் வாடிக்கையாளர் பாக்கெட்டை மட்டும் படமெடுத்து அனுப்பிவிடுவார்.

என் தீர்ப்பு இரண்டாவதன் பக்கம்தான். ஆனால் தேயிலைக்கு எழுதிய வாசகத்தை எல்லாப் பொருளுக்கும் அனுப்பக் கூடாது. தோடர் பூவேலைச் சால்வை ஒன்று மாறிப் போனால், அது விலை அதிகமானது, மறுபடி விற்கக்கூடியது, கையால் செய்தது என்பதால் அதைத் திரும்பப் பெற்றே ஆக வேண்டும். அப்போது "திருப்பி அனுப்ப வேண்டியதில்லை" என்ற வரி போய், யார் வந்து எடுத்துக்கொள்வார்கள், எந்த நாளில், செலவு கடையுடையது, அதுவரை மடிப்புக் கலைக்காமல் உறையிலேயே வைத்திருக்க வேண்டும் என்பவை வர வேண்டும். ஆகவே "/maaru1", "/maaru2" என்று இரண்டாகச் சேமித்து வைப்பதே சரி. நிரப்பாத சதுர அடைப்புக்குறி அப்படியே போய்விடும் ஆபத்து இரண்டிலும் உண்டு. செயலி அதைத் தடுக்காது, அனுப்பும் முன் ஒருமுறை படிப்பவர்தான் தடுக்க வேண்டும்.

"பார்சல் எங்கே?" என்ற கேள்விக்கும் இதே அளவுகோல் பொருந்தும், அதிகம் சொல்லத் தேவையில்லை. வடகிழக்குப் பருவமழையில் மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் மண் சரிந்து வண்டிகள் நிற்கும்போது, கண்காணிப்பு இணைப்பை மட்டும் ஒட்டும் பதிலைவிட, "கடைசியாகக் குன்னூரில் பதிவாகியுள்ளது, பாதை அடைபட்டிருக்கிறது, நாளை மாலை மீண்டும் பார்த்து எழுதுகிறேன்" என்ற பதில் சிறந்தது. வாக்களித்த மாலையில் புதிய பதிவு எதுவும் இல்லாவிட்டாலும், இல்லை என்பதையே எழுதி அடுத்த நாளைக் குறிப்பிட வேண்டும்.