800-ஆ, 600-ஆ? டவுன் ஜாக்கெட்டில் தையலையும் பாருங்கள்

சென்னையிலிருந்து மார்கழியில் லடாக் கிளம்பிய தம்பிக்காக பறவைத் தூவி அடைத்த இரண்டு டவுன் ஜாக்கெட் பார்த்தோம். ஒன்றில் 800 ஃபில் பவர் தூவி, 90 கிராம். மற்றதில் 600, ஆனால் 120 கிராம். ஃபில் பவர் என்றால் ஒரே எடைத் தூவி எவ்வளவு உப்பும் என்ற அளவு. பெருக்கிப் பாருங்கள்: இரண்டிலும் 72,000. அதாவது தூவி உப்பி அடைக்கும் காற்றின் அளவு ஒன்றேதான். 800 மிச்சப்படுத்துவது வெறும் 30 கிராம்.

வித்தியாசம் தையலில் இருந்தது. 800-இல் வெளித்துணியையும் உள்துணியையும் சேர்த்தே தைத்திருந்தார்கள். தையல் கோட்டில் தூவியே இல்லை, குளிர் அந்த வழியாக ஏறும். 600-இல் இரு துணிக்கும் நடுவே சிறு துணிச்சுவர் வைத்த பெட்டி அறைகள். தூவி எங்கும் தடிமனாக நின்றது. சுவர்த்துணியால் எடை கொஞ்சம் கூடும், சரி.

டியூப்லைட்டுக்கு எதிரே பிடித்தோம். 800-இன் தையல்களில் வெளிச்சக் கோடுகள் தெரிந்தன. நடக்கும்போது 800 போதும். இரவில் கூடாரத்துக்கு வெளியே அசையாமல் நிற்க 600-தான். அதையே வாங்கினோம்.