புது பேட்டரி வாங்கும் முன் ஆம்ப்ளிஃபயரின் ரிமோட் ஒயரைப் பாருங்கள்

தஞ்சாவூரில் ஒரு ஆடியோ கடையில் காருக்கு ஆம்ப்ளிஃபயர் போட்டேன். மன்னார்குடி பக்கம் எங்கள் ஊருக்கு வந்த மூன்றாம் நாள் காலையில் சாவியைத் திருப்பினால் டக் டக் என்ற சத்தம் மட்டும்தான். அன்று அம்மாவைக் கும்பகோணத்தில் டாக்டரிடம் காட்ட வேண்டியிருந்தது. வாடகைக் கார் பிடித்துப் போனோம்.

கடைக்குப் போன் செய்தேன். “பேட்டரி பழசு சார், மாத்திடுங்க” என்றார்கள். அவர்களிடமே 4,800 ரூபாய்க்குப் புதிது வாங்கினேன். நான்காம் நாள் அதுவும் படுத்துவிட்டது.

பிறகுதான் மன்னார்குடியில் எனக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் போனேன். பேட்டரியை முதலில் சார்ஜ் ஏற்றினார். சாவியை எடுத்து, கதவெல்லாம் சாத்தி, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, அதற்கும் முனைக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் சாக்கெட்டில் மாட்டினார். வண்டியின் கம்ப்யூட்டர்கள் அடங்க அரை மணி நேரம் விட்டார். அப்போதும் மீட்டரில் 1.2 ஆம்பியர். 0.05க்குள் இருக்க வேண்டியது. ஆம்ப்ளிஃபயரின் ஃப்யூஸைப் பிடுங்கியதும் 0.03க்கு இறங்கியது. (மீட்டர் இப்படி இருக்கும்போது ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள், மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும்.)

கணக்குப் போட்டால் புரியும். என் பேட்டரி 35 ஆம்பியர்-ஹவர். பத்து மணி நேரம் நிறுத்தினால் 12 போய்விடுகிறது, மூன்றில் ஒரு பங்கு. ஊருக்குள் பத்து நிமிடம் ஓட்டினால் அது திரும்ப ஏறாது. இரண்டு மூன்று ராத்திரியில் காலி.

ஃப்யூஸைத் திரும்பப் போட்டுவிட்டு சீட்டுக்கு அடியில் கையை விடச் சொன்னார். பாட்டே ஓடாத ஆம்ப்ளிஃபயர் வெதுவெதுப்பாக இருந்தது, ஓரத்தில் நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ரிமோட் முனையில் மீட்டரை வைத்தார், 12.5 வோல்ட். “பாட்டு செட்டை அணைச்சும் இதுல கரண்ட் நிக்குது பாருங்க தம்பி.”

ஆம்ப்ளிஃபயரை எழுப்புவதும் தூங்க வைப்பதும் அந்த மெல்லிய ரிமோட் ஒயர்தான். செட்டின் பின்னால் வரும் நீலம்-வெள்ளை ஒயரில் அதைச் சேர்க்க வேண்டும். செட்டை அணைத்தால் அதில் கரண்ட் நின்றுவிடும். கடைக்காரர்கள் அதை எப்போதும் கரண்ட் இருக்கும் மஞ்சள் ஒயரோடு முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். நீலம்-வெள்ளை, முனை சீவாமல் அப்படியே தொங்கியது.

மாற்றிக் கட்டப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ரிமோட் முனையில் கரண்ட் இல்லாமலே விளக்கு எரிந்தால் கோளாறு ஆம்ப்ளிஃபயருக்குள்ளே, அதை ஒயர் மாற்றிச் சரிசெய்ய முடியாது என்றும் சொன்னார்.

இதைவிடப் பயந்தது இன்னொன்றைப் பார்த்து. பேட்டரியிலிருந்து வரும் தடித்த ஒயரில், பேட்டரி பக்கம் ஃப்யூஸே இல்லை. அது எங்காவது தகரத்தில் உரசி எர்த் ஆகியிருந்தால் ஒயரே தீப்பிடித்திருக்கும். முனையிலிருந்து ஒரு முழத்துக்குள் ஃப்யூஸ் போட்டுக் கொடுத்தார்.

படங்களோடு கடையில் போய்க் கேட்டேன். பேட்டரிப் பணத்தைத் தர மறுத்துவிட்டார்கள். எங்கே போட்டாலும் வண்டியை எடுக்கும் முன் செட்டை அணைத்து, சாவியை எடுத்து, ஆம்ப்ளிஃபயர் விளக்கு அணைகிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள்.